தேடல் சறுக்கப்போவதை முன்பே அறிவது

செய்திக் கட்டுரைகள் லட்சக்கணக்கில் சேர்ந்திருக்கும் ஒரு தொகுப்பில் இரண்டு பேர் தேடுகிறார்கள். இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான்: அமெரிக்க வங்கிகளின் முதன்மைக் கடன் வட்டி எப்படி மாறும், எப்படி மாறியது என்ற தகவல். முதலாமவர் அதையே எழுதுகிறார்: முதன்மைக் கடன் வட்டியில் வரவிருக்கும் மாற்றங்கள் பற்றிய கணிப்புகளையும், ஏற்கெனவே நடந்த மாற்றங்களையும் காட்டு. மற்றவர், ஃபெடரல் நடவடிக்கை வந்த பிறகு என்னென்ன சரிக்கட்டல்கள் செய்ய வேண்டும் என்று கேட்கிறார். முதல் தேடலில் வட்டி பற்றிய கட்டுரைகள் வரும். இரண்டாவதில் வரி, வெள்ள நிவாரணம், விமானப் போக்குவரத்து விதி என்று ‘ஃபெடரல்’ ஒட்டிய எதுவும் வரலாம். ஆனால் எந்திரத்தைப் பொறுத்தவரை இரண்டுமே பட்டியல்தான். இரண்டிலும் முதல் இடத்தில் ஒரு கட்டுரை இருக்கும், பத்தாம் இடத்தில் ஒன்று இருக்கும். ‘எனக்குப் புரியவில்லை’ என்று பட்டியல் சொல்லாது.

இந்த இரண்டு தேடல்களும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் தகவல் தேடலை ஆராய்ந்தவர்கள் 2002-ல் எடுத்துக்காட்டாக வைத்தவை. இரண்டையும் ஒரு கணக்குக்கு உட்படுத்தினார்கள். முதல் தேடலுக்கு 2.85 என்று வந்தது, இரண்டாவதற்கு 0.37. எந்தக் கட்டுரை பொருத்தமானது என்று யாரும் அந்தக் கணக்குக்குச் சொல்லவில்லை. யாரும் எதையும் சொடுக்கிப் பார்க்கவும் இல்லை. பட்டியலில் வந்த கட்டுரைகளின் சொற்களை மட்டும் வைத்து அந்த எண்கள் பிறந்தன.

சொடுக்குகளுக்குக் காத்திருந்தால் போதாதா என்று கேட்கலாம். ஆயிரம் பேர் ஒரே சொல்லைத் தேடி, ஆயிரம் பேரும் எதையும் திறக்காமல் வேறு சொல்லைத் தட்டினால், அந்தத் தேடல் சொதப்புகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் அந்த ஆயிரம் பேர் வேண்டும். தங்களிடம் ஒரு நாளில் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதுவரை வராதவை என்று கூகுள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. உலகமே தேடும் இடத்தில் இந்த நிலை என்றால், ஒரு பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்திலோ ஒரு அலுவலகத்தின் உள் தேடலிலோ பெரும்பாலான தேடல்களுக்கு முன்வரலாறே கிடையாது. அங்கே சொடுக்குக்கு முன்பே, பட்டியலைக் காட்டுவதற்கு முன்பேகூட, இது தேறுமா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அந்த 2.85 எப்படி வந்தது என்று பார்ப்போம். ஸ்டீவ் குரோனன்-டவுன்செண்ட், யுன் ஜோ, புரூஸ் கிராஃப்ட் மூவரும் இதற்கு ‘தெளிவு மதிப்பெண்’ என்று பெயரிட்டார்கள். தேடலுக்கு வந்த மேல்வரிசைக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் எந்தச் சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று ஒரு கணக்கு போட வேண்டும். முதலிடத்துக் கட்டுரைக்குக் கூடுதல் எடை, கீழே போகப் போகக் குறைவான எடை. பிறகு தொகுப்பு முழுவதிலும் அதே சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று பார்த்து, இரண்டுக்கும் உள்ள விலகலைக் கூட்ட வேண்டும்.

```
clarity = Σ P(w|Q) · log2( P(w|Q) / P(w|C) )
```

இதில் `w` ஒரு சொல். `P(w|Q)` தேடலுக்கு வந்த கட்டுரைகளில் அந்தச் சொல்லின் பங்கு. `P(w|C)` தொகுப்பு முழுவதிலும் அதன் பங்கு. எண்களைப் போட்டுப் பார்த்தால் இது எளிது. ஒரு தமிழ் நாளிதழின் பழைய இதழ்களில் ‘மேட்டூர் அணை நீர்மட்டம்’ என்று தேடுவதாகக் கொள்வோம். ‘கனஅடி’ என்ற சொல் தொகுப்பு முழுவதிலும் பத்தாயிரம் சொற்களுக்கு ஒரு முறைதான் வருகிறது, தேடலுக்கு வந்த கட்டுரைகளில் பத்தாயிரத்துக்கு எண்பது முறை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்பது மடங்கு அதிகம்; எண்பதின் இரண்டடி மடக்கை சுமார் 6.3. அதை 0.008-ஆல் பெருக்கினால் 0.05. இதுவே ‘கனஅடி’யின் பங்களிப்பு. ‘நேற்று’ என்ற சொல்லோ இரண்டு இடத்திலும் ஒரே அளவில்தான் வரும். அதன் பங்களிப்பு பூஜ்யம். ‘நீர்வரத்து’, ‘மதகு’, ‘டெல்டா’, ‘பாசனம்’ என்று ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்க்க, மொத்தம் ஏறிக்கொண்டே போகும். கட்டுரைகள் ஒரே விஷயத்தைப் பேசும்போது அந்த விஷயத்துக்கே உரிய சொற்கள் திரண்டு வருகின்றன. தேடல் குழப்பமாக இருந்தால் நாலாபக்கத்துக் கட்டுரைகளும் கலந்து வருகின்றன. கலந்தவற்றின் சொற்பங்கு தொகுப்பின் பொதுவான சொற்பங்கைப் போலவே ஆகிவிடுகிறது. விலகல் குறைந்து எண் 0.37-க்குச் சரிகிறது.

இந்த எண் உண்மையில் எதையாவது சொல்கிறதா என்று சோதிக்க ஒரு களம் வேண்டும். அது அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 1992 முதல் நடத்திவரும் டிரெக் மாநாடுகளில் இருந்தது. அங்கே ஒவ்வொரு தேடலுக்கும் எந்தக் கட்டுரை பொருத்தமானது என்று மனிதர்கள் படித்துக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு தேடலின் உண்மையான தரமும் தெரியும். எல்லன் வூர்ஹீஸ் முன்னின்று நடத்திய 2004-ஆம் ஆண்டுப் போட்டியில் கலந்துகொண்டவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை கொடுக்கப்பட்டது. சுமார் 5,28,000 கட்டுரைகள், 249 தேடல்கள். தேடிக் கொடுப்பதோடு நிற்காமல், தங்கள் எந்திரம் எந்தத் தேடலில் நன்றாகச் செய்யும், எதில் மோசமாகச் செய்யும் என்று அந்தத் தேடல்களை வரிசைப்படுத்தியும் கொடுக்க வேண்டும். அந்த வரிசையும் உண்மையான தரவரிசையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதே தேர்வு.

ஒத்துப்போகும் அளவைக் கெண்டல் டாவ் என்ற எண்ணால் சொல்வார்கள். இந்தத் துறையில் அது 0.4-ஐத் தொட்டால் நல்ல கணிப்பு என்று கொண்டாடுவார்கள். இதன் பொருளை நேராகச் சொல்லிவிட வேண்டும். ஏதேனும் இரண்டு தேடல்களை எடுத்து, இவற்றில் எது மோசம் என்று கேட்டால், நாணயத்தைச் சுண்டிப்போடுபவர் பத்தில் ஐந்து முறை சரியாகச் சொல்வார். 0.4 பெற்ற கணிப்பான் பத்தில் ஏழு முறை சரியாகச் சொல்லும், மூன்று முறை தவறும். பொருத்தம் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டியலை மட்டும் பார்த்துக் கிடைத்தது என்பதால் எனக்கு இது வியப்புக்குரிய வெற்றியாகவே தெரிகிறது. அந்த மூன்று தவறுகள் எப்படிப்பட்டவை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு வருமுன், இதைவிட மலிவான ஒரு வழியையும் பார்த்துவிடலாம்.

தெளிவு மதிப்பெண்ணுக்கு நூற்றுக்கணக்கான கட்டுரைகளைத் திறந்து சொற்களை எண்ண வேண்டும். நேரம் பிடிக்கும். அன்னா ஷ்டோக், ஓரன் குர்லண்ட், டேவிட் கார்மெல் மூவரும் 2009-ல் வெளியிட்ட முறைக்குக் கட்டுரைகளைத் திறக்கவே வேண்டாம். தேடல் எந்திரம் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு மதிப்பெண் போட்டுத்தானே வரிசைப்படுத்துகிறது? அந்த மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்த்தால் போதும் என்றார்கள். ஒரு தேடலுக்கு 18, 15, 12, 9, 6 என்று மதிப்பெண்கள் வந்தன. இன்னொன்றுக்கு 13, 12.5, 12, 11.5, 11. இரண்டுக்கும் சராசரி 12 தான். ஆனால் முதலாவதின் திட்ட விலக்கம் 4.2, இரண்டாவதின் திட்ட விலக்கம் 0.7. முதல் பட்டியலில் எந்திரம் சிலவற்றைத் துணிந்து மேலே தூக்கியிருக்கிறது. இரண்டாவதில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே அதற்குத் தெரிந்திருக்கின்றன. எதை மேலே வைப்பது என்று பிடிபடாமல் வைத்த வரிசை அது. நடைமுறையில் ஐந்து கட்டுரைகளுக்குப் பதிலாக முதல் நூறு கட்டுரைகளை எடுத்துக்கொள்வார்கள். இரண்டு சொல் தேடலின் மதிப்பெண்ணும் ஐந்து சொல் தேடலின் மதிப்பெண்ணும் ஒரே அளவுகோலில் இருப்பதில்லை. அதனால், தொகுப்பு முழுவதையும் ஒரே பெரிய கட்டுரையாகப் பாவித்து, அதற்கு இந்தத் தேடல் தரும் மதிப்பெண்ணால் திட்ட விலக்கத்தை வகுத்துவிடுவார்கள்.

தேடாமலேயே, சொற்களை மட்டும் பார்த்துக் கணிக்கும் முறைகளும் உண்டு. அரிய சொல் இருந்தால் தேடல் கூர்மையானது, எங்கும் வரும் சொல் இருந்தால் மழுங்கியது என்பது அவற்றின் அடிப்படை. இவை ஆங்கிலத்திலேயே சுமார்தான். தமிழில் வேர்ச்சொல்லைப் பிரித்துக்கொள்ளாமல் இவற்றை நம்பினால் வழி தவறிவிடும். பத்து லட்சம் கட்டுரைகள் உள்ள தொகுப்பில் ‘அணை’ 20,000 கட்டுரைகளில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஐம்பதில் ஒரு கட்டுரை என்பதால் அதன் அருமை ஐம்பதின் இரண்டடி மடக்கையான 5.6. ‘அணைகளிலிருந்து’ 40 கட்டுரைகளில்தான் வருகிறது என்றால் அதன் அருமை 14.6. இரண்டும் பேசுவது அணையைப் பற்றித்தான். ஆனால் பன்மையும் வேற்றுமை உருபும் சேர்ந்ததாலேயே சொல் அரிதாகி, கணிப்பான் இதை அபாரமான தேடல் என்று மதிப்பிடும். எழுத்துப்பிழைக்கும் இதே கதிதான். ‘நீர்மட்டம்’ என்பதை ‘நீர்மட்டாம்’ என்று தட்டியவரின் தேடல், அந்தச் சொல் தொகுப்பில் ஓரிரு இடத்தில் மட்டுமே இருப்பதால், மிகக் கூர்மையானதாகக் கணக்கில் ஏறும்.

இனி அந்தத் தவறுகள். டிரெக் தேடல்களில் 363-ஆம் எண் கொண்டது, போக்குவரத்துச் சுரங்கப்பாதைகளில் நடந்த விபத்துகளைக் கேட்கிறது. `transportation tunnel disasters` என்ற மூன்று சொற்களே அதன் தலைப்பு. அந்தத் தொகுப்பில் லண்டனின் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழின் 1991 முதல் 1994 வரையிலான இதழ்கள் இருக்கின்றன. இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைக்கும் கடலடிச் சுரங்கப்பாதை கட்டி முடிக்கப்பட்டு, 1994 மே மாதம் திறக்கப்பட்ட காலம் அது. அந்தத் திட்டத்தின் கடன், பங்கு, செலவு பற்றிய செய்திகள் ஒரு பொருளாதார நாளிதழில் எவ்வளவு இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ‘சுரங்கப்பாதை’ என்ற சொல்லுக்கு அதிக எடை கொடுக்கும் ஓர் எந்திரத்தை அந்தத் தொகுப்பில் விட்டுப் பாருங்கள். மேல்வரிசை முழுவதும் அந்த ஒரே திட்டத்தின் நிதிச் செய்திகளால் நிரம்பிவிடக்கூடும். அப்படி நிரம்பினால் தெளிவு மதிப்பெண் என்ன சொல்லும்? கட்டுரைகள் எல்லாம் ஒரே விஷயத்தைப் பேசுகின்றன. அந்த விஷயத்துக்கே உரிய சொற்கள் திரண்டிருக்கின்றன. எண் உயர்ந்து நிற்கும். மதிப்பெண் பரவலும் அழகாக இருக்கும், ஏனென்றால் எந்திரம் அவற்றைத் தயங்காமல்தான் மேலே தூக்கியது. விபத்து பற்றி ஒரு வரிகூட இல்லாத பட்டியலுக்கு இரண்டு கணிப்பான்களும் நற்சான்று வழங்கிவிடும்.

எந்திரம் ஒரு திசையில் திரண்டிருக்கிறதா என்பதைத்தான் இவை அளக்கின்றன. அந்தத் திசை கேட்டவருடைய திசைதானா என்று அளப்பதற்கு இவற்றிடம் எதுவும் இல்லை. இது ஏதோ அபூர்வமான விதிவிலக்கு என்றால் விட்டுவிடலாம். ஆனால் 2003 கோடையில் கிறிஸ் பக்லி, டோனா ஹார்மன் இருவரும் முன்னின்று நடத்திய ஒரு பட்டறையில், பல குழுக்களின் எந்திரங்கள் 45 தேடல்களில் எங்கே தவறின என்று ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து பட்டியல் பட்டியலாகப் படித்துப் பார்த்தார்கள். வெவ்வேறு எந்திரங்கள் வெவ்வேறு கட்டுரைகளைக் கொண்டுவந்திருந்தன. ஆனால் ஒரு தேடலில் அவை தவறிய காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. பல தேடல்களில், கேள்வியின் ஒரு கூற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கூற்றை எல்லாமே கோட்டைவிட்டிருந்தன. அதாவது, தேடல்கள் தோற்பதற்குரிய முக்கியமான வழியே நம் கணிப்பான்களின் கண்ணுக்குப் படாத வழியாக இருக்கிறது.

இதற்கு ஒரு மாற்று ஐபிஎம் நிறுவனத்தின் ஹைஃபா ஆய்வகத்திலிருந்து 2005-ல் வந்தது. எலாட் யோம்-டோவ், ஷாய் ஃபைன், கார்மெல், ஆடம் டார்லோ ஆகியோரின் யோசனை மிகவும் எளிமையானது. முழுத் தேடலையும் ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக ஓட்டுங்கள். முழுத் தேடலின் முதல் பத்தில் எத்தனை கட்டுரைகள் அந்தத் தனிச்சொல்லின் முதல் பத்திலும் இருக்கின்றன என்று எண்ணுங்கள். நம் சுரங்கப்பாதைத் தேடலில், மேலே சொன்ன விபரீதம் நடந்திருந்தால், ‘சுரங்கப்பாதை’யோடு எட்டோ ஒன்பதோ ஒத்துப்போகும், ‘விபத்து’, ‘போக்குவரத்து’ இரண்டோடும் பூஜ்யம். மூன்று சொற்களில் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்திருக்கிறது என்பது அப்போதே வெளிச்சமாகிவிடும். இரண்டு மூன்று சொற்களோடு கொஞ்சம் கொஞ்சமாக ஒத்துப்போகும் பட்டியல், கேள்வியின் எல்லாக் கூறுகளையும் தொட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் பூஜ்யத்தைக் கண்டதும் அலறவும் கூடாது. ‘போக்குவரத்து’ போன்ற எங்கும் நிறைந்த சொல்லைத் தனியாகத் தேடினால் லட்சக்கணக்கான கட்டுரைகளில் ஏதோ பத்துதான் மேலே வரும். அவை எந்த நல்ல தேடலோடும் ஒத்துப்போக வாய்ப்பில்லை. அரிய சொல்லோடு பூஜ்யம் என்றால்தான் கவலை. அதனால் அவர்கள் ஒவ்வொரு சொல்லின் ஒத்துப்போகும் எண்ணிக்கையோடு அது எத்தனை கட்டுரைகளில் வருகிறது என்பதையும் சேர்த்து, விடை தெரிந்த பழைய தேடல்களைக் கொண்டு ஒரு முடிவு மரத்துக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எது கவலைக்குரிய பூஜ்யம் என்பதை அது கற்றுக்கொள்கிறது. தொகுப்பில் பதிலே இல்லாத தேடல்களைக் கண்டுபிடிக்கவும் இதைப் பயன்படுத்தினார்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிகப் பயனுள்ள பகுதி அதுதான்.

மோசம் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பொறுத்துத்தான் கணிப்பின் மதிப்பு. ஓர் உதாரணம் போதும். மேல்வரிசைக் கட்டுரைகளிலிருந்து புதிய சொற்களை எடுத்துத் தேடலோடு சேர்த்து மறுபடி தேடும் பழைய உத்தி ஒன்று உண்டு. ‘மேட்டூர் அணை நீர்மட்டம்’ தேடலில் அது ‘கனஅடி’, ‘நீர்வரத்து’ இரண்டையும் சேர்த்துக்கொண்டு இன்னும் நல்ல கட்டுரைகளை இழுத்துவரும். சுரங்கப்பாதைத் தேடலில் அதே உத்தி ‘பங்கு’, ‘கடன்’, ‘வங்கிகள்’ என்ற சொற்களைச் சேர்த்து, தவறிய பட்டியலை இன்னும் ஆழமாகத் தவற வைக்கும். சராசரியில் லாபம் தரும் உத்திதான். கடினமான தேடல்களை மட்டும் பார்த்தால் நஷ்டம். கணிப்பு நன்றாக இருக்கும் இடத்தில் மட்டும் இதை ஓட்டி, மற்ற இடத்தில் விட்டுவிட்டால் நஷ்டத்தின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். இங்கே பத்தில் மூன்று தவறு பொறுத்துக்கொள்ளக்கூடியதே. அதே கணிப்பை நம்பி, பயனாளரிடம் ‘உங்கள் தேடல் தெளிவாக இல்லை’ என்று சொல்வதானால் அந்த மூன்று தவறும் உறுத்தும். சரியாகத் தேடியவரையும் நிறுத்திக் கேள்வி கேட்பதாக அது முடியும்.

இப்போது பல தேடல் எந்திரங்கள் சொற்களை எண்ணுவதில்லை. நரம்பு வலைப்பின்னல்கள் கேள்வியையும் கட்டுரையையும் எண்களின் வரிசைகளாக மாற்றி, எது எதற்கு அருகில் இருக்கிறது என்று பார்க்கின்றன. இவற்றின் மேல் பழைய கணிப்பான்களைப் பொருத்தினால் அவை தடுமாறுகின்றன என்று அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. காரணம் ஊகிக்கக்கூடியதே. சொல் எண்ணும் எந்திரத்தில், தேடுசொல் தொகுப்பில் இல்லையென்றால் மதிப்பெண்ணே இல்லை. அருகாமை பார்க்கும் எந்திரத்தில் எதற்குமே அருகில் ஏதாவது இருக்கும். உளறலைத் தட்டினாலும் அதற்கு மிக அருகில் உள்ள பத்து கட்டுரைகள் கண்ணியமான மதிப்பெண்களோடு வந்து நிற்கும். மதிப்பெண்கள் எல்லாத் தேடலுக்கும் ஒரு குறுகிய இடைவெளிக்குள் அடைபட்டிருப்பதால் திட்ட விலக்கமும் பழையபடி பேசுவதில்லை. கேட்ட சொல் கட்டுரையில் இல்லாமலே பொருத்தமான கட்டுரை வரலாம் என்பதால் தெளிவு மதிப்பெண்ணின் சொற்கணக்கும் தளர்ந்துபோகிறது. இதனால் கேள்வியையும் பட்டியலையும் படித்து மதிப்பிடப் பயிற்றுவித்த தனி வலைப்பின்னல்களைக் கணிப்பான்களாக வைத்துப் பார்க்கிறார்கள். அவற்றுக்கு விடை குறிக்கப்பட்ட தேடல்கள் ஏராளமாக வேண்டும். தமிழில் அப்படிக் குறித்து வைத்த தேடல்கள் சொற்பம்.

ஆகவே தமிழ் ஆவணங்களுக்குத் தேடல் அமைப்பவர்கள் முதலில் செய்யக்கூடியது கையால் செய்யும் வேலைதான். உண்மையில் வந்த தேடல்களில் ஐம்பதை எடுத்து, ஒவ்வொன்றின் முதல் பத்து விடைகளையும் படித்துப் பொருத்தம், பொருத்தமில்லை என்று குறிக்க வேண்டும். அந்த ஐம்பதுக்கும் மதிப்பெண் பரவலையும் சொற்களின் ஒத்துப்போகும் எண்ணிக்கையையும் கணக்கிட்டு, கணிப்பான் தரும் வரிசையையும் மனிதர் குறித்த பொருத்தம் தரும் வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒத்துப்போன இடங்களைவிட, கணிப்பான் மேலே வைத்து மனிதர் கீழே வைத்த தேடல்களைப் படிப்பதே அதிகம் சொல்லும். சிலவற்றில் உருபு பிரிக்கப்படாத சொல் இருக்கும். வேறு சிலவற்றில் ஒரே ஒரு சொல் மற்றதையெல்லாம் விழுங்கியிருக்கும். இன்னும் சிலவற்றில், தொகுப்பில் அந்த விஷயமே இருக்காது. முதல் வகைக்கு வேர்ச்சொல் பிரிப்பியைத் திருத்த வேண்டும், இரண்டாவதற்கு எடையை மாற்ற வேண்டும். மூன்றாவதை ஆவணம் சேர்ப்பவரின் மேசைக்கு அனுப்ப வேண்டும்.